‘ஊர்ல மழையா?’

1983ஆம் ஆண்டு ஜூன் மாதம், மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த ஸ்டோர் வீட்டின் கிணற்றடியில் என் பாட்டி வழுக்கி விழுந்தார். அப்பாவின் அம்மா. வயது 74. 2023 அக்டோபரில், பெருங்குடி அருகே ஒன்பதாவது மாடியில் இருக்கும் என் வீட்டின் குளியலறை வாசலில் என் அம்மா விழுந்தார். அவருக்கும் வயது 74. இருவருக்கும் உடைந்தது இடுப்பு மூட்டு எலும்புதான். நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வயதில் ஒரே எலும்பு உடைந்த இரண்டு பெண்களை, இரண்டு விதமாகப் பார்த்துக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

பாட்டியைக் கறுப்பு மஞ்சள் அம்பாசடர் டாக்ஸியில் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டு போட்டு அனுப்பினார்கள். கை கால் எலும்புக்கு அந்தக் கட்டால் குணம் கண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் இடுப்பு மூட்டை அப்படி அசையாமல் நிறுத்த முடியாது. பாட்டி மீண்டும் நடக்கவில்லை. 1985 தைப் பொங்கல் கழிந்து இறக்கும் வரை 19 மாதங்கள் படுக்கையிலேயே இருந்தார்.

அம்மாவுக்கு 108இல் அழைத்தோம். ஒன்பதாவது மாடிக்கு வந்த ஸ்ட்ரெச்சர் எங்கள் லிஃப்டுக்குள் நுழையவில்லை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளக் கீழே இறக்கினோம். இரண்டாம் நாள் அறுவை சிகிச்சை, மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். ஆறு வாரத்தில் அறைக்குள் நடந்தார். ஆனால் தனியாக விட முடியாத நிலை. இரவில் மூன்று முறை கழிப்பறைக்கு எழுந்திருப்பார், முந்தின நாள் நடந்தது மறந்துபோகும், இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று. நானும் என் கணவரும் காலை எட்டேகாலுக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகும். ஆகவே ஆள் தேவைப்பட்டது.

1983இல் அந்தக் கேள்வியே எழவில்லை. ஆள் யார் என்பது கேட்கப்படாமலே முடிவாகியிருந்தது. என் அம்மா அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, வயது 34, மாதச் சம்பளம் 480 ரூபாய். முதல் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார், பிறகு வேலையை விட்டார். யாரும் அவரை விடச் சொல்லவில்லை என்று அப்பா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார், அது உண்மைதான். வேறு யார் பார்ப்பார்கள் என்றும் யாரும் கேட்கவில்லை. பாட்டிக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். மகள் வீட்டில் தாய் போய்த் தங்குவது அன்று எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. மற்ற இரு மகன்களும் மாதம் ஐம்பது ரூபாய் அனுப்பினார்கள். பாட்டியைத் தொட்டுத் தூக்கியது மருமகளான அம்மா ஒருவர்தான்.

இன்று என் அம்மா மகள் வீட்டில் இருக்கிறார். அதை யாரும் விசேஷமாகப் பேசுவதில்லை. இந்த நாற்பது ஆண்டில் கிடைத்தவற்றில் நான் முதலில் வைப்பது இதைத்தான். ஆனால் நாங்கள் இருவர் மட்டும், அண்ணன் டொராண்டோவில். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992-93இன் தேசியக் குடும்பநல ஆய்வில் 2.5 ஆக இருந்தது, 2019-21இன் ஆய்வில் 1.8. அன்று ஐந்து பேரில் சுமை ஒருவர் தலையில் விழுந்தது. இன்று பங்கு போடவே ஆள் இல்லை.

ஏஜென்சி மூலம் அட்டெண்டர் வந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர், நாற்பது வயதுக்கு மேல். வீட்டோடு தங்கி 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நாளுக்கு 900 ரூபாய், மாதம் 27,000. அதில் தன் கைக்கு வருவது 18,000 என்று அவரே சொன்னார். பெற்றோர் பராமரிப்புக்கென 2007இல் வந்த மத்தியச் சட்டம், பிள்ளைகள் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாயை உச்சவரம்பாக வைத்தது. ஒரு மனுஷி கூடவே இருப்பதற்கு நகரத்தில் ஆகும் செலவு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. என் சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 480 ரூபாய் நினைவுக்கு வரும். அன்று பராமரிப்புக்குச் செலவே இல்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மாவின் சம்பளம் நின்றதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. பாட்டி இறந்தபின் அம்மா பழைய பள்ளிக்குப் போய்க் கேட்டார், இடம் நிரம்பியிருந்தது. பிறகு வீட்டில் டியூஷன் எடுத்தார்.

வேலையின் முறையும் மாறியிருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதல் பகை படுக்கைப்புண். உடலின் எடை வால் எலும்பு, இடுப்பு, குதிகால் போன்ற மேடான எலும்புகளின் மேல் இறங்கி, நடுவில் இருக்கும் தோலுக்கு இரத்தம் போகாமல் நசுக்குவதால் வருவது அது. பாட்டிக்கு வாழை இலை விரித்துப் படுக்க வைத்தார்கள், தோல் சிவந்த இடத்தில் பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்தார்கள். இலை குளுமை தந்தது. தேய்த்தது தவறு என்று இன்று தெரியும். ஏற்கெனவே நைந்த தோலையும் அதன் அடிச்சதையையும் அது மேலும் சிதைக்கும். ஏழாம் மாதம் பாட்டிக்கு வால் எலும்பின் மேல் புண் திறந்துவிட்டது, கடைசிவரை ஆறவில்லை. அதற்கு மருந்து வைத்துக் கட்டும்போது அம்மா எங்களை வெளியே போகச் சொல்வார்.

என் அம்மா அறுவை சிகிச்சைக்குப் பின் அதிகம் படுத்திருந்த வாரங்களில் ஒரு புண்கூட வரவில்லை. காற்று மெத்தை வாடகைக்கு எடுத்தோம். ஒரு மோட்டார் அதன் அறைகளில் மாறி மாறிக் காற்றை நிரப்பி, எடை ஒரே இடத்தில் தங்காமல் பார்த்துக்கொள்ளும். மெத்தை இருந்தாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். வந்த அட்டெண்டர் அதற்கு அலாரம் வைத்துக்கொண்டார். குளிக்க வைக்கும்போது வால் எலும்பின் மேல் விரலால் அழுத்தி எடுத்துப் பார்ப்பார். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி பழைய நிறத்துக்கு வந்தால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் புண்ணின் தொடக்கம். மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது என்பதால் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று புறங்கையால் தடவியும் பார்ப்பார். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, முன்பு வேலை பார்த்த வீட்டில் ஒரு நர்ஸ் சொல்லித் தந்தது என்றார். இந்த ஒரு விரல் அழுத்தம் 1983இல் எங்கள் ஸ்டோர் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரியாதவர்கள் சுற்றிலும் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஸ்டோர் வீட்டில் ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், எல்லோருக்குமாக இரண்டு குழாய். அந்த ஆண்டு சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். லாரித் தண்ணீருக்கு அம்மா குடத்தோடு போய் நிற்கும் நேரத்தில் எதிர்க் குடித்தன மாமி பாட்டியின் அறை வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்குவார். மாலை நான்கு முதல் ஆறு வரை என் முறை. எனக்கு வயது பத்து. பள்ளிவிட்டு வந்ததும் பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். பாட்டி வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். பதினாறாம் வாய்ப்பாடு வரை அவருக்குத் தலைகீழாகத் தெரியும். நான் பாட்டிக்குக் காவல், பாட்டி எனக்குக் காவல். அந்த இரண்டு மணி நேரம் அம்மாவுக்கு மற்ற வீட்டு வேலைகளை முடிக்கக் கிடைத்தது.

இன்று எங்கள் அடுக்ககத்தில் அந்த ஒரு அறை மூன்று தளங்களாகப் பிரிந்துவிட்டது. தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம், ஏழு மணி வரை. மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறார். ஒன்பதாவது மாடியில் என் அம்மா, அட்டெண்டர், ஒரு கேமரா. மூன்று இடத்திலும் வேலை ஒழுங்காக நடக்கிறது. காப்பகத்தில் குழந்தையை யார் வந்து அழைத்துப்போகலாம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். டியூஷனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு. பத்து வயதுப் பெண்ணிடம் படுத்திருக்கும் மூதாட்டியை விட்டுவிட்டு யாரும் போவதில்லை. அது நல்லதுதான். நான் காவல் இருந்த ஒரு மாலை பாட்டிக்குப் புரை ஏறி மூச்சு திணறியது. எதிர் வீட்டு மாமி ஓடி வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. ஆனால் ஒன்பதாவது மாடியில் இருக்கும் முன்னாள் ஆசிரியையான என் அம்மாவுக்கு, மூன்றாவது மாடியில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல் கேட்பதில்லை.

ஏஜென்சிக்காரர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் தந்தார்கள். நேரம், இரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பாடு, மாத்திரை, மலம், சிறுநீர், தூக்கம் எனக் கட்டம் போட்டது. இரவு வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அது நல்ல நோட்டு. என்ன மாத்திரை எத்தனை மணிக்குப் போனது என்பதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. அன்று பாட்டிக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாரம் ஒரு சச்சரவாவது இருக்கும்.

ஏழு மாதம் இருந்த அட்டெண்டர் ஜூன் மாதம் ஊருக்குப் போனார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஊரில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். என் அம்மாவை அவர் பார்த்துக்கொண்டபோது அவர் அம்மாவை யார் பார்த்தார்கள் என்று, அந்த ஏழு மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏஜென்சி மாற்று ஆள் அனுப்பியது. அவர் ஐந்து நாளில் போய்விட்டார். அடுத்து ஒருவர், பிறகு மூன்றாமவர். இரண்டு வாரத்தில் மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் நோட்டைக் காட்டினேன், அவர்களும் விடாமல் எழுதினார்கள்.

அந்த இரண்டாவது வாரத்து நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. இரத்த அழுத்தம் சரி. மாத்திரை சரி. சாப்பாடு ‘கொஞ்சம் குறைவு’. தூக்கம் ‘நன்று’. வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாளும் கடைசிக் கட்டத்தில் ஒரே வரி: ‘அமைதியாக இருந்தார்.’ நான் அலுவலகத்திலிருந்து கேமராவில் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இரவில் மூன்று முறை எழுந்திருப்பவர் ஒருமுறைதான் எழுந்தார். புது ஆளுக்குக் கஷ்டம் கொடுக்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன். அதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

ஞாயிறு மாலை, ஊருக்குப் போன அட்டெண்டர் வழக்கம்போல் அம்மாவோடு பேசப் போன் செய்தார். இரண்டு நிமிடத்தில் என்னிடம் போனைத் தரச் சொன்னார்.

“அக்கா, அம்மா குரலே சரியில்ல. நாலு வார்த்த பேசுனாங்க, ‘ஊர்ல மழையா’ன்னு கேக்கவே இல்ல. என்னிக்குமே கேக்காம இருந்ததில்ல அக்கா. நாளைக்கு வரைக்கும் வெக்காதீங்க, இப்பவே கூட்டிட்டுப் போங்க.”

அவர்களுடையது மானாவாரி நிலம். அம்மா அவரிடம் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்பாராம். முந்தின நாள் கேட்டதை மறந்து மறுநாளும் கேட்பாராம். எனக்கு அது தெரியாது.

இரவு எட்டு மணிக்கு மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். சோடியம் 119. இருக்க வேண்டியது 135க்கும் 145க்கும் இடையில். இரத்த அழுத்தத்துக்கான இரண்டு மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை. முதியவர்களுக்கு அது உடலின் உப்பையும் சேர்த்து இறக்கிவிடக் கூடும். அழுத்தம் ஏறக் கூடாது என்று சமையலில் உப்பையும் குறைத்திருந்தோம். வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தோம். மூன்றும் நல்லதை நினைத்துச் செய்தவை, மூன்றும் சேர்ந்து உப்பைக் கீழே தள்ளின. சோடியம் குறைந்தால் முதலில் வருவது மந்தம், தூக்கம், தடுமாற்றம், பிறகு வலிப்பு, நினைவிழப்பு. முதியவர்களுக்குக் குழப்பம் வந்தால் எல்லோரும் கத்துவார்கள், எழுந்து ஓடுவார்கள் என்று நினைத்துவிடுகிறோம், பாதிப் பேர் இப்படித்தான் அடங்கிப்போவார்கள், வீட்டில் அது தெரியாமல் போகும் என்றார் அந்த இளம் மருத்துவர். ‘அமைதி’ என்று நோட்டில் எழுதியிருந்தது ஒரு நோயின் அறிகுறியை.

உப்பை உடனே ஏற்றிவிடவும் முடியாது. வேகமாக ஏறினால் மூளைக்கே கேடு. சொட்டுச் சொட்டாக ஏற்றி, சில மணிக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, நான்காம் நாள் 131க்குக் கொண்டுவந்தார்கள். மாத்திரையை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் அம்மா, காபியில் சர்க்கரை இல்லை என்று குறை சொன்னார். ஏழு ஆண்டுகளாக அவர் காபியில் சர்க்கரை இல்லை.

அந்த இரவுகளில் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பாட்டிக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. 1984 கோடையில் பாட்டியும் இப்படித்தான் ஒரு நாள் மந்தமானார். காலையில் நாளிதழ் கேட்கவில்லை என்ற ஒன்றை வைத்தே அம்மா ஒன்பது மணிக்குள் கண்டுபிடித்துவிட்டார். அப்பாவை அலுவலகத்துக்குப் போகவிடவில்லை. டாக்டர் வீட்டுக்கு வந்தார், நாடி பார்த்தார், ஒரு ஊசி போட்டார், குளுகோஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்க்க எங்களுக்கு எட்டிய தூரத்தில் வசதி இல்லை. பாட்டி நாலைந்து நாளில் தெளிந்தார். ஏன் மந்தமானார், எதனால் தெளிந்தார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அன்று மாற்றத்தைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது, கண்டுபிடித்ததைத் தீர்க்க வழியில்லை. இன்று தீர்க்க வழி இருக்கிறது, கண்டுபிடிக்க வேண்டியவர்தான் ஐந்து நாளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்.

புதிதாக வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு நாளுக்கு முன் பார்த்த ஒருவர் வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறார் என்று சொல்ல, அவருடைய வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய மாதங்கள் ஆகும். மாதம் 18,000 ரூபாய்க்கு, வார விடுமுறையில்லாமல், வேறொருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, இரவில் மூன்று முறை எழுந்திருப்பவர் அத்தனை மாதம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? என் அம்மாவுக்கும் அந்த 19 மாதத்தில் விடுமுறை இருந்ததில்லை. அவர் நின்றது, போக இடமில்லாததால். பாட்டியின் வழக்கம் முழுக்க அவருக்குத் தெரிந்திருந்ததும் அதனால்தான். அந்த நெருக்கத்தை நான் இழப்பாகச் சொல்லும்போது, அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா வீடு திரும்பியதும் நோட்டில் நானாக ஒரு பக்கம் சேர்த்தேன். ‘அம்மா எப்போதும் செய்வது’ என்று தலைப்பிட்டு, அவர் வழக்கமாகச் செய்வதை எல்லாம் எழுதினேன். எதைச் செய்யாவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று புதிதாக வருபவருக்குத் தெரிய வேண்டும். ஏழு வரிதான் எனக்குத் தெரிந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போன் செய்து கேட்டேன். தன் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே அவர் மேலும் பதினொன்று சொன்னார். வாக்கரை எடுக்குமுன் வலக்கையைப் புடவையில் துடைப்பார். மதியம் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்வார். தண்ணீர் குடித்தால் கடைசி வாயை மிச்சம் வைப்பார். கூடுதலாக வேலை வாங்கியதற்குப் பணம் அனுப்பட்டுமா என்றேன். தன் அம்மாவுக்கு டயப்பர் வாங்க வேண்டும் என்றார், அனுப்பினேன்.

அடுத்து வந்தவர் இப்போது நான்கு மாதமாக இருக்கிறார். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு அவருக்கு விடுமுறை, அந்த இரண்டு நாளும் நான் பார்த்துக்கொள்கிறேன். போன ஞாயிறு அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசி வாய்த் தண்ணீர் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“அது நான் இல்லடி, பாட்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு வெந்நீர் கேப்பா. மூணு வாய். மொத வாய் கொப்பளிக்க. கடைசி வாய் வெச்சுடுவா, அதை நான் குடிக்கணும். தாகமா இருக்கும்னு அவளுக்குத் தெரியும்.”

காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை.